ஆங்கில மரண அறிவிப்பில் தமிழ் உறவுகள்: யாரிடமிருந்து எண்ணுவது?

“அப்பா சனிக்கிழமை இரவு 12.40 மணிக்குக் காலமானார். வயது 82, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தகனம் முடிந்துவிட்டது, தமிழ் நாளிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். அவருடைய மாணவர்கள் பல ஊர்களில் இருப்பதால் ஆங்கில நாளிதழிலும் போட வேண்டும். அம்மா, அண்ணன், நான், முன்பே இறந்துபோன தம்பியின் மனைவி, அவர்கள் மகள், எங்கள் அத்தை, அத்தை மகன், ஒரு பெரியப்பா என எல்லாரும் அதில் வர வேண்டும். தமிழில் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே குழம்பிவிடுகிறது. 16ஆம் நாள் காரியத்தையும் சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது?”

உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் இத்தகைய அறிவிப்புகளைச் சரிபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், நீங்கள் சொல்லும் குழப்பம் உங்கள் ஆங்கிலத்தின் குறையால் வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் அறிவிப்பும் ஆங்கில அறிவிப்பும் வெவ்வேறு இடத்தில் நின்று பேசுபவை. தமிழில் ‘எங்கள் அன்புத் தந்தையார் இறைவனடி சேர்ந்தார்’ என்று தொடங்கி, கீழே ‘இங்ஙனம்’ என்று போட்டு, மனைவி, மகன், மகள், மருமகள், பேரன், பேத்தி என்று கையொப்பம் இடுவதுபோல் பெயர்களை எழுதுகிறோம். அங்கே பேசுபவர்கள் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தினர். ஆங்கில நாளிதழ்களில் வழங்கும் அமைப்பிலோ மறைந்தவரே வாக்கியத்தின் எழுவாய். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்னாருடைய தந்தை என்று அவரிடமிருந்து ஒவ்வோர் உறவும் கிளைக்கிறது. மொழிபெயர்க்கும்போது முதல் வரியைத் தமிழ் முறையிலும் மற்ற வரிகளை ஆங்கில முறையிலும் எழுதிவிடுவதால்தான், ‘எங்கள் தந்தை’ என்று ஆரம்பித்த அறிவிப்பு ‘விசாலாட்சியின் கணவர்’ என்று தொடர்ந்து, படிப்பவர் ‘இதைச் சொல்வது யார்’ என்று தடுமாறும்படி ஆகிறது. ‘எங்கள்’ என்ற சொல் மருமகளுக்கும் பேரனுக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

எனவே ஆங்கில அறிவிப்பில் ‘எங்கள்’ என்பதை முழுவதும் விட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளின் நடுவில் அப்பாவின் பெயரை எழுதி, சேர்க்க வேண்டியவர்களின் பெயர்களைச் சுற்றிலும் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘இவருக்கு அப்பா என்ன வேண்டும்?’ அப்பாவுக்கு இவர் என்ன வேண்டும் என்று கேட்டால் மனைவி, மருமகள், அக்கா என்ற சொற்கள் கிடைக்கும். அவை ஆங்கில வாக்கியத்தில் நேராக உட்காரமாட்டா. அப்பா இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் கணவர், மாமனார், தம்பி என்ற சொற்கள் கிடைக்கும். ஆங்கில அறிவிப்பில் ‘ஹஸ்பண்ட் ஆஃப்’, ‘ஃபாதர்-இன்-லா ஆஃப்’, ‘பிரதர் ஆஃப்’ என்று வருவது இந்த இரண்டாவது கேள்விக்கான விடைதான்.

இந்தக் கேள்வி மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. நம் உறவுச் சொற்களில் பல, ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகளைக் குறிப்பவை. மருமகன் என்றால் மகளின் கணவரும் ஆகலாம், ஓர் ஆணுக்கு அவருடைய அக்கா அல்லது தங்கையின் மகனும் ஆகலாம். மாமா என்ற சொல் தாயின் உடன்பிறந்தவருக்கும், அத்தையின் கணவருக்கும், பல குடும்பங்களில் மாமனாருக்கும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். உங்கள் அத்தை மகனை அப்பா வாய் நிறைய ‘மருமகன்’ என்று அழைத்திருப்பார். தமிழ் அறிவிப்பிலும் அப்படியே போட்டிருப்பீர்கள். அதை அகராதியின் முதல் பொருளைக் கொண்டு ‘சன்-இன்-லா’ என்று எழுதினால், வெளியூரில் இருக்கும் மாணவர் ஒருவர் உங்கள் கணவரின் பெயரையும் அத்தை மகனின் பெயரையும் அருகருகே பார்த்து, உங்கள் அப்பாவுக்கு இரண்டு மகள்கள் என்று முடிவு செய்வார். இந்தத் தவறு பலமுறை அச்சிலேயே வந்து நான் பார்த்திருக்கிறேன்.

இதைத் தவிர்க்க, உறவுச் சொல்லை மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு உறவின் வழியை எழுதிக்கொள்ள வேண்டும். தந்தை, தாய், மகன், மகள், உடன்பிறந்தவர், கணவர், மனைவி என்ற அடிப்படைச் சொற்களை மட்டும் பயன்படுத்தி, அப்பாவிடமிருந்து அந்த நபர்வரை நடந்து செல்லுங்கள். அத்தை மகன் என்பவர் ‘அப்பாவின் உடன்பிறந்தவரின் மகன்’. அந்த வழிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘நெஃப்யூ’. அவருக்கு அப்பா ‘அங்கிள்’. நீங்கள் பெரியப்பா என்று சொல்பவரை நான் விசாரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் பெரியப்பா என்பது அப்பாவுடன் பிறந்த அண்ணனாகவும் இருக்கலாம், அப்பாவின் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மாவின் கணவராகவும் இருக்கலாம். அம்மா வழிப் பெரியம்மாவின் கணவர் என்றால் அப்பாவுக்குச் சகலை. அப்பாவின் பெரியப்பா மகன் என்றால் தமிழில் அவரும் அண்ணன்தான்; பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்போம். ஆங்கிலத்தில் அவர் ‘கசின்’. அப்படி எழுதுவது அவரைத் தள்ளி வைப்பதாகக் குடும்பத்தில் சிலருக்குத் தோன்றும். ‘கசின் பிரதர்’ என்று எழுதுவது நம் நாட்டு ஆங்கிலத்தில் வழக்கமாக இருக்கிறது. உள்ளூர் வாசகர்களுக்கு அது புரியும் என்பதால் பெரியவரின் மனம் நோகாமல் இருக்க அப்படியே எழுதலாம். ஆனால் வெறும் ‘பிரதர்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். தாத்தாவின் சொத்தில் யார் யார் பிள்ளைகள் என்ற பேச்சு பின்னாளில் எழும்போது, நாளிதழ் அறிவிப்பு வாரிசுச் சான்றிதழுக்கு ஈடாகாது என்றாலும், ‘நீங்களே அச்சில் போட்டீர்களே’ என்று ஒருவர் அந்தத் துண்டை எடுத்துக் காட்டுவதற்கு நாம் வழி வைக்க வேண்டியதில்லை.

சகலை, ஓரகத்தி, சம்பந்தி ஆகிய மூன்றுக்கும் பொது ஆங்கிலத்தில் சரியான சொல் கிடையாது. ‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ என்பவை இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலும் புரியாதவை. சகலையை ‘பிரதர்-இன்-லா’ என்று எழுதிவிடலாம். சம்பந்திகளை, மறைந்தவரிடமிருந்து கிளைக்கும் இந்த அமைப்பில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. தமிழ் அறிவிப்பில் அவர்களுக்கு உரிய இடம் இருக்கும்.

அடுத்தது ‘தி லேட்’ என்ற சொல். ‘காலஞ்சென்ற’ என்பதற்கு இணையான இந்தச் சிறு சொல்தான் மரண அறிவிப்பில் மிக ஆபத்தானது. இடம் மாறினால் உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கிவிடும். ‘காலஞ்சென்ற கந்தசாமி, வள்ளியம்மை தம்பதியின் மகன்’ என்று எழுதும்போது, அந்தச் சொல் ஒருவரைக் குறிக்கிறதா இருவரையுமா என்பதைத் தமிழ் வாசகர் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்கிறார். ஆங்கிலத்திலும் அந்த ஐயம் அப்படியே இருக்கும். இருவரும் மறைந்திருந்தால் இரண்டு பெயருக்கும் முன்னால் தனித்தனியாக அந்தச் சொல்லைப் போடுங்கள். ஒரு சொல் மிச்சப்படுத்துவதற்கான இடம் இதுவன்று. ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை என்றால் இருப்பவரின் பெயரை முதலிலும் இல்லாதவரின் பெயரைக் கடைசியிலும் எழுதுங்கள். அப்போது ‘தி லேட்’ என்பது தனக்குப் பின்வரும் ஒரே பெயரைத்தான் தொட முடியும். ஒரு பெரியவரின் அறிவிப்பில் மகன்களின் பெயர்களை வயது வரிசைப்படி எழுதி, மறைந்த மூத்த மகனின் பெயர் முதலில் வந்ததால், அவருக்கு அடுத்த இரண்டு தம்பிகளையும் ஊரார் இறந்தவர்களாக எண்ணித் துக்கம் விசாரித்த நிகழ்வை நான் அறிவேன். மறைந்த பிள்ளை மூத்தவராக இருந்தால் வயது வரிசையைக் கைவிட்டு, அவரைக் கடைசியில் வைப்பதே மேல். உங்கள் குடும்பத்தில் மறைந்தவர் இளையவர் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. வயது வரிசையும் கெடாது, பொருளும் கெடாது.

அப்பாவின் பெயருக்கு முன்னாலேயே ‘தி லேட்’ என்று போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னார் மறைந்தார் என்று அறிவிக்கும் வாக்கியத்தில் அவரை ஏற்கெனவே காலஞ்சென்றவர் என்று சொன்னால் பொருள் இடறும். ஆண்டு நினைவு அறிவிப்பு வேறு, இது வேறு.

தம்பியின் குடும்பத்தைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். ஆங்கில அறிவிப்புகளில் ‘சர்வைவ்ட் பை’ என்று ஓர் அமைப்பு உண்டு. இவர்களை விட்டுச் சென்றார் என்று, உயிரோடு இருப்பவர்களை மட்டும் பட்டியலிடுவது. அந்த அமைப்பை நீங்கள் எடுத்தால் தம்பியின் பெயர் அதில் வர முடியாது. அவருக்காகத் தனி வாக்கியம் எழுத வேண்டும். எழுத மறந்தால் அவர் பிறக்கவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அவருடைய மனைவியின் பெயர் வந்தாலும், எந்த மகன் வழியில் அவர் மருமகள் என்பது தெரியாமல் தனித்து நிற்கும். கணவரை இழந்த பெண் ஒருவர், மாமனாரின் அறிவிப்பில் தன் பெயரும் மகளின் பெயரும் எங்கே இருக்கின்றன என்று தேடும் தருணத்தை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் நான் ‘சர்வைவ்ட் பை’ அமைப்பை விட்டு, ‘இன்னாரின் தந்தை’ என்ற அமைப்பைப் பரிந்துரைக்கிறேன். தந்தை என்ற உறவு பிள்ளை இறந்த பிறகும் மாறுவதில்லை. ஆகவே தம்பியும் உங்களோடு ஒரே வரிசையில் நிற்பார், அவர் மனைவியும் மற்ற மருமக்களோடு ஒரே வரிசையில் நிற்பார்.

இந்த அமைப்பில் யார் யாருடைய துணை என்பதைக் காட்ட ஓர் எளிய வழி இருக்கிறது. பிள்ளைகளை எந்த வரிசையில் எழுதினீர்களோ அதே வரிசையில் மருமக்களையும், அதே வரிசையில் பேரக்குழந்தைகளையும் எழுதுங்கள். மூன்று பிள்ளைகள், மூன்று மருமக்கள், வீட்டுக்கு ஒரு பேரக்குழந்தை என்று இருக்கும்போது, அடைப்புக்குறி எதுவும் இல்லாமலே முதலாமவருக்கு முதலாமவர், இரண்டாமவருக்கு இரண்டாமவர் என்று படிப்பவர் கண் தானாகப் பொருத்திக்கொள்ளும். பிள்ளைகளில் ஒருவருக்குத் திருமணம் ஆகாமல் இருந்தாலோ, ஒருவருக்குக் குழந்தைகள் பலர் இருந்தாலோ இந்த ஒழுங்கு உடையும். அப்போது மட்டும் ‘செந்திலும் அவர் மனைவி கவிதாவும்’ என்று இணை இணையாக எழுதுவது தேவைப்படும். ஓர் உறவு முடிந்து அடுத்த உறவு தொடங்கும் இடத்தில் காற்புள்ளி போடாமல் அரைப்புள்ளி போடுங்கள். பெயருக்கும் பெயருக்கும் இடையில் காற்புள்ளி, உறவுக்கும் உறவுக்கும் இடையில் அரைப்புள்ளி என்ற இந்தப் பிரிவு இல்லாவிட்டால் பேரனின் பெயர் அத்தையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி நாளும் நேரமும். நீங்கள் ‘சனிக்கிழமை இரவு 12.40’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சு வழக்கில் விடியும்வரை அது சனிக்கிழமை இரவுதான். ஆனால் நாள்காட்டிக் கணக்கில் நள்ளிரவு 12 மணியோடு சனிக்கிழமை முடிந்துவிடுகிறது, 12.40 என்பது ஞாயிற்றுக்கிழமையின் தொடக்கம். மருத்துவரின் சான்றிலும், உள்ளாட்சி அலுவலகத்தில் 21 நாட்களுக்குள் செய்ய வேண்டிய இறப்புப் பதிவிலும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியே இருக்கும், இருக்கவும் வேண்டும். அறிவிப்பில் மட்டும் சனிக்கிழமை என்று வந்தால், வெளிநாட்டிலிருந்து அவசர விடுப்பு எடுத்து வரும் உறவினர் அலுவலகத்தில் காட்டும் சான்றும் நாளிதழ்த் துண்டும் முரண்படும். ஆகவே ஆங்கில அறிவிப்பில் ஞாயிறு என்றும் அதற்குரிய தேதி என்றும் எழுதுங்கள். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள், ஏனென்றால் அமெரிக்காவில் இருப்பவர் மாதத்தை முதலில் வைத்துப் படிப்பார். ‘இன்று’, ‘நாளை’, ‘நேற்று’ என்ற சொற்கள் எங்கும் வேண்டாம். நீங்கள் எழுதும் நாளும் அச்சாகும் நாளும் ஒன்றல்ல.

16ஆம் நாளைக் கணக்கிடும்போதும் ஒரு நாள் வழுக்கும். நம் முறையில் தொடக்க நாளையே முதல் நாளாக எண்ணுகிறோம். கணக்குக்காக, மறைந்த நாளை 2025 பிப்ரவரி 16, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். அதை முதல் நாளாகக் கொண்டால் பிப்ரவரி 28 பதின்மூன்றாம் நாள், மார்ச் 3 திங்கட்கிழமை பதினாறாம் நாள். ஆங்கிலத்தில் ‘16 நாட்களுக்குப் பின்’ என்று பொருள்படும்படி எழுதினால் அது மார்ச் 4 ஆகிவிடும், வருகிறவர் காரியம் முடிந்த மறுநாள் வந்து நிற்பார். அதோடு, உங்கள் குடும்பத்தில் நாளின் தொடக்கத்தைச் சூரிய உதயத்திலிருந்து கொள்ளும் வழக்கம் இருந்தால், அந்த இரவு சனிக்கிழமைக் கணக்கில் சேர்ந்து, பதினாறாம் நாள் மார்ச் 2 ஞாயிறு என்றும் வரலாம். சில குடும்பங்களில் தகனம் நடந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். நாளிதழுக்கு எழுதுபவர் இதைத் தீர்மானிக்கக் கூடாது. சடங்கை நடத்தி வைப்பவரிடம் ‘எத்தனையாம் நாள்’ என்று கேட்காமல் ‘எந்தத் தேதி, எந்தக் கிழமை’ என்று கேட்டு, அந்தத் தேதியையும் கிழமையையும் சேர்த்தே அச்சிடுங்கள். கிழமையும் தேதியும் இரண்டும் இருந்தால், ஒன்றில் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

வயதும் அப்படியே. நடக்கும் வயதைச் சொல்வது நம் வழக்கம், ஆங்கிலத்தில் ‘ஏஜ்டு’ என்பது முடிந்த வயது. 1943 நவம்பரில் பிறந்தவருக்கு 2025 பிப்ரவரியில் வீட்டார் 82 என்று சொல்வார்கள், நிறைந்தது 81. பிறந்த தேதியை ஆதாரிலோ ஓய்வூதியப் புத்தகத்திலோ பார்த்து நீங்களே கழித்துப் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றி எழுதிய தலைமுறை அவர்களுடையது. ஆவணத் தேதியும் ஜாதகத் தேதியும் வேறுபட்டால், அறிவிப்பில் ஆவணத்தையே பின்பற்றுங்கள்.

மறைவைக் குறிக்கும் சொல்லைப் பற்றி என் கருத்து இது. ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவபதம் அடைந்தார்’ என்பவற்றுக்கு இணையாக ‘லோட்டஸ் ஃபீட்’ என்று நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் வருகிற தொடர் பக்தியுள்ள குடும்பத்துக்கு உரியதுதான். குடும்பம் விரும்பினால் தாராளமாக எழுதலாம். பல சமயங்களைச் சேர்ந்த மாணவர்கள் படிக்கப்போகும் அறிவிப்பு என்பதால் ‘பாஸ்டு அவே’ என்ற எளிய சொல் போதும் என்றே நான் சொல்வேன். ‘சாட் டிமைஸ்’ என்ற தொடரைத் தவிர்த்துவிடுங்கள். மறைவு துயரமானது என்பதைத் தனியே அறிவிக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் அவர் வகித்த பதவியைச் சொல்லலாம். மாணவர்கள் அடையாளம் காண வேண்டும் என்பதே உங்கள் நோக்கம் என்றால், ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்’ என்பதோடு பள்ளியின் பெயரும் ஊரும் வருவது அவசியம். அதற்காக ஓர் உறவைச் சுருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களாக உருவாக்காதீர்கள். அப்பாவின் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, முன்னெழுத்தும் அதே இடத்தில். வங்கி, ஓய்வூதியம், காப்பீடு என்று எல்லா இடங்களிலும் அந்த எழுத்துக்கூட்டல்தான் தேவைப்படப்போகிறது. பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ‘கவிதா’ என்ற ஒரே பெயருக்கு மூன்று வகை எழுத்துக்கூட்டல் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களுக்கு முன்னெழுத்து தேவையில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே பிள்ளைக்கு முன்னெழுத்தாகும் நம் முறையை அறியாதவர்களுக்கு, தந்தைக்கு ஓர் எழுத்தும் மகனுக்கு வேறோர் எழுத்தும் இருப்பது வேறு வேறு குடும்பங்கள்போல் தோன்றும்.

இவ்வளவையும் சேர்த்து எழுதிய மாதிரி இது. பெயர்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் இட்டவை. பள்ளியின் பெயரையும் ஊரையும் தொடர்பு எண்ணையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவை அப்பாவின் பெரியப்பா மகனாகவும், அத்தையை அப்பாவின் அக்காவாகவும் கொண்டிருக்கிறேன்.

```
K. SHANMUGAM, retired Headmaster, passed away at
12.40 a.m. on Sunday, 16 February 2025, aged 81.
Son of the late Kandasamy and the late Valliammai;
husband of Visalakshi; father of Senthil, Malathi
and the late Suresh; father-in-law of Kavitha, Raghu
and Meena; grandfather of Arun, Divya and Nila;
brother of Rajeswari; cousin of Natarajan; uncle of
Bala. The cremation has taken place. The sixteenth-day
ceremony will be held at the family residence at
10 a.m. on Monday, 3 March 2025.
```

இதில் மாலதி என்பது நீங்கள், ராஜேஸ்வரி உங்கள் அத்தை, பாலா அத்தை மகன், நடராஜன் பெரியப்பா. மூன்றாவது பெயராகச் சுரேஷ் வருவதைப் பாருங்கள். மருமக்களில் மூன்றாவதாக மீனாவும், பேரக்குழந்தைகளில் மூன்றாவதாக நிலாவும் வருகிறார்கள். அவர்கள் மூவரும் ஒரு குடும்பம் என்பதை ஒரு சொல்கூட அதிகமாக எழுதாமல் வரிசையே சொல்லிவிடுகிறது. அக்காவுக்குத் தம்பி என்ற மூப்பு இளமை வேறுபாட்டை நான் சேர்க்கவில்லை. ‘பிரதர்’ என்பது போதும். அத்தைக்கு அது குறையாகத் தோன்றினால் ‘யங்கர்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் ஆயிற்று. ‘லவ்விங்’, ‘பிலவட்’ போன்ற அடைகளை ஒவ்வோர் உறவுக்கும் முன்னால் போடுவது வழக்கத்தில் இருக்கிறது. ஒன்றுக்குப் போட்டு மற்றொன்றுக்கு விட்டால் கேள்வி எழும். எல்லாவற்றுக்கும் போட்டால் வரிகள் கூடும். விரும்பினால் மனைவிக்கு முன்னால் மட்டும் ஒருமுறை வைக்கலாம்.

நாளிதழில் இதை வரிக் கணக்கில் அமையும் சிறு விளம்பரமாகவோ, படத்துடன் பரப்புக் கணக்கில் அமையும் கட்ட விளம்பரமாகவோ வாங்குவார்கள். வரிக் கணக்கில் கட்டணம் ஏறுகிறது என்றால் முதலில் நீக்கக் கூடியது பெற்றோரின் பெயர்கள் இருக்கும் பகுதி, அடுத்து மறைந்த நேரம். மருமக்களின் வரியை நீக்கிச் சிக்கனம் செய்ய வேண்டாம். அறிவிப்பு வந்த பிறகு எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை அந்த வரியிலிருந்து வந்தவையாகவே நான் கண்டிருக்கிறேன். வீட்டு முகவரி முழுவதையும் அச்சிட வேண்டியதில்லை. காரியம் மண்டபத்தில் நடந்தால், அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்பதை முகவரியோடு ஊருக்கு அறிவிப்பது பாதுகாப்பானது அன்று. மண்டபத்தில் நடந்தால் மண்டபத்தின் பெயரும் ஊரும், வீட்டில் நடந்தால் மேலே உள்ளதுபோல வீடு என்ற சொல்லும், தொடர்புக்குத் துக்கத்தில் நேரடியாக இல்லாத ஓர் உறவினரின் எண்ணும் போதும்.

விளம்பரம் கொடுக்கச் செல்பவர் இறப்புச் சான்றிதழின் நகலையும், அது இன்னும் வரவில்லை என்றால் மருத்துவரின் சான்றையோ தகன மேடை ரசீதையோ, தம்முடைய அடையாள அட்டையின் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். உயிரோடு இருப்பவரைப் பற்றி எவரும் விளையாட்டாகவோ பகையாலோ அறிவிப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இவற்றைக் கேட்கிறார்கள். எரிச்சல் கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பின் வாசகத்தைக் கையால் எழுதியோ படமாகவோ கொடுக்காதீர்கள். தட்டச்சு செய்த எழுத்தாகவே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மறுபடி தட்டச்சு செய்யும் இடத்தில்தான் அரைப்புள்ளிகள் காற்புள்ளிகளாகின்றன, ‘தி லேட்’ இடம் பெயர்கிறது. அச்சுக்குப் போகும் முன் பக்க வடிவத்தின் படியைக் கேட்டு வாங்குங்கள். மாலையில் பக்கம் முடிக்கப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகவாவது அது உங்கள் கைக்கு வரும்படி கேளுங்கள். கடைசி நிமிடத்தில் வரும் படியை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை.

அந்தப் படியை எழுதியவரே படித்தால் போதாது, அவர் கண் தான் எழுத நினைத்ததையே காணும். மூன்று பேரிடம் கொடுங்கள். தேதி, கிழமை, நேரம் மூன்றையும் அண்ணன் பார்க்கட்டும். உறவுகளை அத்தை மகனிடம் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் தொட்டு ‘இவருக்கு மாமா என்ன வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘தி லேட்’ என்று வரும் மூன்று இடங்களையும் தம்பியின் மனைவி பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு அனுப்புங்கள்.